ஈயத்துக்குக் கிடைத்த நற்சான்று

1924 அக்டோபரில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் சித்தம் கலங்கி, பிதற்றி, ஐந்து பேர் இறந்துபோனார்கள். எஞ்சின் சீராக ஓடுவதற்காகப் பெட்ரோலில் கலக்கும் ஈயச் சேர்மத்தை அங்கே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் இதைத் தடுக்கச் சொன்னார்கள். நிறுவனங்கள் ராபர்ட் கெஹோ என்ற மருத்துவரை நியமித்தன. ஆபத்து என்று சொல்பவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது அவர் வாதம். நிரூபிக்கத் தேவையான ஆய்வகமோ ஈய வியாபாரிகளின் பணத்தில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதன் தலைவரும் கெஹோதான்.

அவருடைய ஆய்வு முறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஈயத்தைக் கையாளும் தொழிலாளர்களின் மலத்திலும் சிறுநீரிலும் ஈயம் எவ்வளவு என்று அளந்தார். ஒப்பிடுவதற்கு, ஈயத்தைத் தொடாத வேறு சிலரையும் அளந்தார். அவர்களிடமும் ஈயம் இருந்தது. பிறகு கார் புகையே எட்டாத மெக்சிகோ கிராமத்து விவசாயிகளை அளந்தார், அங்கும் இருந்தது. ஆகவே மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கை, உடல் அதை வெளியேற்றிவிடும், ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டாதவரை பயமில்லை என்று முடிவுக்கு வந்தார். அந்த விவசாயிகள் சாப்பிட்ட மண்பாத்திரங்களின் பளபளப்புப் பூச்சே ஈயம்தான். ஒப்பிட எடுத்துக்கொண்டவர்களும் ஈயம் தின்றவர்களாக இருந்தால் வித்தியாசம் எங்கிருந்து தெரியும்?

கெஹோ அளவுகளைத் திரித்ததாக நான் சொல்ல வரவில்லை. அவர் அளந்தது உண்மை. அதைச் சரிபார்க்க வேறொருவரிடம் பணமும் கருவியும் இல்லாததால், ஏறக்குறைய 40 ஆண்டுகள் அவர் முடிவே அறிவியலாக நின்றது.

அதை அசைத்தவர் மருத்துவர்கூட இல்லை. பூமியின் வயதைக் கணக்கிட்ட புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன். அந்த வேலைக்குப் பாறையிலுள்ள ஈயத்தை மிகத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது. எங்கு பார்த்தாலும் வெளி ஈயம் ஒட்டிக்கொண்டதால், தூசி புகாத ஆய்வறையையே கட்டினார். கடல்நீரை அளந்தபோது ஆழத்தைவிட மேற்பரப்பில் ஈயம் பல மடங்கு இருந்தது. நெடுங்காலமாக இயற்கையாகச் சேர்ந்ததென்றால் அது இப்படி மேலே தங்கியிருக்காது. அண்மையில் காற்றிலிருந்து விழுந்திருக்க வேண்டும். சாதாரண அமெரிக்கர் உடலில் இயற்கை அளவைப்போல் சுமார் 100 மடங்கு ஈயம் இருப்பதாக 1965இல் எழுதினார். கெஹோ கண்டது வழக்கமான அளவு. இயற்கையான அளவு அல்ல.

அதன்பின் பேட்டர்சனுக்குப் பெட்ரோலியத் துறை தந்துவந்த நிதி நின்றது. காற்றிலுள்ள ஈயத்தைப் பற்றி 1971இல் அறிக்கை தந்த தேசிய ஆராய்ச்சிக் குழுவில் அவருக்கு இடமில்லை. தொழில்துறையோடு தொடர்புடையவர்கள் இருந்தார்கள். அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் 1996இல்தான் முற்றாக ஒழிந்தது, இந்தியாவில் 2000இல். 2021 முதல் அமெரிக்காவில் குழந்தையின் ரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே, ஈயம் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் தேடச் சொல்கிறார்கள்.