துளையை அளக்கும் இரண்டு கருவிகளும் இடையில் நுழையும் பிழைகளும்

டெலஸ்கோபிக் கேஜில் அளவுக்கோடுகள் எதுவும் கிடையாது. ஒரு கைப்பிடி, அதன் தலையில் குறுக்காக ஒரு குழல், குழலுக்குள்ளிருந்து ஸ்பிரிங் வெளியே தள்ளும் உருண்டை முனைகள், கைப்பிடியின் கடைசியில் அவற்றைப் பூட்டும் திருகு: அவ்வளவுதான். துளையின் விட்டத்தை அது பிடித்துவர, வெளிவிட்ட மைக்ரோமீட்டர் அதை எண்ணாகச் சொல்கிறது. அளவு இப்படிக் கைமாறுவதால் பிழை புகவும் இரண்டு இடங்கள் உண்டு.

6204 பேரிங்கின் வெளிவிட்டம் 47 மி.மீ. அது உட்காரும் துளைக்கு H7 பொருத்தம் கேட்டிருந்தால், விட்டம் 47.000-க்கும் 47.025-க்கும் இடையில் இருக்க வேண்டும். கேஜைச் சற்றுச் சாய்த்துத் துளைக்குள் விட்டு, முனைகள் சுவரைத் தொட்டதும் திருகை லேசாக முடுக்க வேண்டும். முனைகள் தாமாக விரியக்கூடாது, தள்ளினால் நகர வேண்டும்; அந்த அளவு இறுக்கம் போதும். பிறகு கைப்பிடியை நேர்நிலையைத் தாண்டி மறுபக்கம் சாய்த்தால், சுவரே முனைகளை உள்ளே தள்ளிச் சரியான நீளத்தில் நிறுத்திவிடும். ஒரே வீச்சு போதும். திரும்பத் திரும்ப ஆட்டினால் முனைகள் மையம் விலகிய குறுக்குக்கோட்டில் பட்டு, கேஜ் தேவைக்கு மேல் சுருங்கிவிடும்.

கேஜ் நேர்நிலையைக் கடக்காமல் 2 டிகிரி சாய்விலேயே நின்றுவிட்டால், அது பிடிக்கும் நீளம் சுமார் 0.029 மி.மீ. கூடுதல். அனுமதித்த வித்தியாசமே 0.025தான். மையத்தை விட்டு அரை மி.மீ. விலகினாலோ சுமார் 0.011 மி.மீ. குறையும். முன்னதில் நல்ல துளை பெரிதாகத் தோன்றும். பின்னதில் சரியான துளை சிறிதாகத் தெரிந்து, மீண்டும் கடையப்பட்டு வீணாகும்.

அடுத்த பிழை மைக்ரோமீட்டரில். இரும்புத் துண்டுபோல் கேஜ் விறைத்து நிற்பதில்லை. ரேட்செட்டைக் கிளிக் கிளிக் என்று சுழற்றினால் அந்த விசையே முனைகளைத் தள்ளிவிடக்கூடும். அதனால் ரேட்செட்டை விட்டு, கைவிரல் உணர்வால் மெல்ல மூட வேண்டும். கேஜை இரு முகங்களுக்கிடையே லேசாக அசைத்தால், நேர்குறுக்காக வரும் ஒரு நிலையில் மட்டும் அது உரசிச் செல்லும். அங்கே வாசிப்பதே விட்டம். சாய்ந்து கிடக்கும்போது மூடினால் அளவு குறையும். துளையில் கூடிய பிழையும் இங்கே குறைந்த பிழையும் ஒன்றையொன்று மறைத்துவிடலாம் என்பதுதான் மிகப் பெரிய ஆபத்து: எண் சரியாக வரும், முறை தவறாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, விட்டம் தெரிந்த ஒரு ரிங் கேஜை அதே கை அதே விதத்தில் அளந்து பார்ப்பதே. துளையையும் மூன்று முறை புதிதாகப் பிடித்து அளக்க வேண்டும். அளவுகள் 0.01 மி.மீ.க்கு மேல் சிதறினால் இந்த வேலைக்கு அந்த அளவீட்டை நம்ப முடியாது. டயல் போர் கேஜ்தான் தேவை. மூன்று தாடை சக்கில் அழுத்திப் பிடித்ததால் முக்கோணச் சாயலில் கோணிய துளையை மட்டும் இரண்டு முனைக் கருவி எதுவும் காட்டாது; எந்தத் திசையில் அளந்தாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வரும்.