மொட்டைமாடியில் எத்தனை குடம்?

சென்னையில் ஒரு பகல் பள்ளி. 600 பிள்ளைகள். கான்கிரீட் மொட்டைமாடி 1,000 சதுர மீட்டர். மாடியில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்து வைக்க வேண்டும். தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது?

முதலில் வரவைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. தளம் உறிஞ்சுவது, ஆவியாவது, சிதறுவது என ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 11 லட்சம் லிட்டர் தேறும்.

இனி செலவு. பகல் பள்ளிக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது கட்டட விதிகளின் கணக்கு. 600 பேருக்கு 27,000 லிட்டர். 220 வேலை நாளுக்கு 59 லட்சத்தைத் தாண்டிவிடும். கழிப்பறை வரை எல்லாவற்றுக்கும் மழைநீர் போதாது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. அதனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும், தலைக்கு 5 லிட்டர் என்று வைப்போம். நாளைக்கு 3,000 லிட்டர், ஆண்டுக்கு 6.6 லட்சம். இது மாடியின் வரவுக்குள் அடங்கும்.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. 11 லட்சம் லிட்டர் வருகிறதே என்று அத்தனைக்கும் தொட்டி கட்டக் கிளம்பிவிடுகிறார்கள். தொட்டியின் அளவை மொத்த மழை தீர்மானிப்பதில்லை; மழையில்லாத காலத்தின் நீளம்தான் தீர்மானிக்கிறது. சென்னை மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜனவரியிலிருந்து கோடை விடுமுறை வரை பேருக்குத்தான் தூறல். அந்த இடைவெளியில் பள்ளி நடக்கும் நாள்கள் ஏறக்குறைய 70. எழுபதை 3,000-ஆல் பெருக்கினால் 2.1 லட்சம் லிட்டர். பத்து மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீர் ஆழம் போதும்.

அக்டோபரில் 270 மில்லிமீட்டர் பெய்தால் 2.16 லட்சம் லிட்டர் வரும். இருபது பள்ளி நாளுக்கு 60,000 போகும். மிச்சம் 1.56 லட்சம். நவம்பர் நடுவில் தொட்டி நிரம்பிவிடும். அதற்குமேல் வருவது வழிந்தோடும் குழாய் வழியாக மீள்நிரப்புக் கிணற்றுக்குப் போகட்டும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டத்தின் நோக்கமும் அப்படி நிறைவேறும். ஜூன் மாதம் மட்டும் இழுபறிதான்: பள்ளி திறந்திருக்கும், மழை குறைவாக இருக்கும். அப்போது குடிநீர் வாரியத் தண்ணீரும் கொஞ்சம் வேண்டும்.

முதல் 2 மில்லிமீட்டர் மழை மாடியின் தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வரும். அந்த 2,000 லிட்டரைத் தனி சின்டெக்ஸ் தொட்டியில் ஒதுக்கிவிட்டுப் பிறகுதான் வடிகட்டிக்கு விட வேண்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது அதைத் திறந்து காலி செய்ய வேண்டும். மறந்தால் அடுத்த மழையின் அழுக்கு நேரே பெரிய தொட்டிக்குள் போகும். வடிகட்டிய பிறகும் குளோரின் போடாமலோ காய்ச்சாமலோ குடிக்கக் கொடுக்கக்கூடாது.

குழாயில் சிக்கனம் பார்ப்பதும் வழக்கமான தவறு. மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டும் மழையில் நான்கு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 85 சதுர மீட்டர் தளத்தைத்தான் வடிக்கும். இந்த மாடிக்குப் பன்னிரண்டு குழாய்கள் தேவை. நான்கைந்தோடு நிறுத்திவிட்ட கட்டடத்தை அடைமழையில் பார்த்தால் தெரியும்: மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்.