புத்தகம் ஒன்றா, மூன்றா?

ஒரு கிளை நூலகத்துக்கு இரவல் கொடுக்கும் மென்பொருள் வேண்டும். நூலகர் தன் தேவையைச் சொல்கிறார்: "உறுப்பினர் அட்டையைக் காட்டி ஒரே சமயத்தில் மூன்று புத்தகம் வரை எடுத்துப் போகலாம். 14 நாளில் திருப்பித் தரணும். தாமதமானால் நாளுக்கு ஒரு ரூபாய் அபராதம். கேட்ட புத்தகத்தின் எல்லாப் பிரதிகளும் வெளியே போயிருந்தால் முன்பதிவு செய்து வைக்கலாம்."

இந்த நாலு வரியிலிருந்து மென்பொருளின் கட்டுமானத் துண்டுகளான கிளாஸ்களை எப்படிக் கண்டுபிடிப்பது? 1983-இல் ரஸ்ஸல் அபட் எழுதிய கட்டுரை ஒன்று இதற்கு எளிய வழி காட்டியது. தேவையைச் சாதாரண மொழியில் எழுதி, பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் அடிக்கோடிட வேண்டும். பெயர்ச்சொற்கள் கிளாஸ் ஆகக்கூடியவை. வினைகள் அவை செய்யும் வேலைகள்.

நம் வரிகளில் கிடைக்கும் பெயர்கள்: உறுப்பினர், அட்டை, புத்தகம், நாள், அபராதம், பிரதி, முன்பதிவு. எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நாள் என்பது வெறும் தகவல். அட்டையில் இருப்பது உறுப்பினர் எண் மட்டும்தான், எனவே அது உறுப்பினரோடு சேர்ந்துவிடும். அபராதம் கணக்குப் போட்டால் வரும் தொகை. ஆனால் யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார், எப்போது கட்டினார் என்று நூலகம் பதிவு வைப்பதானால் அதுவும் தனி கிளாஸ் ஆகும்.

சிக்கல் 'புத்தகம்' என்ற சொல்லில் இருக்கிறது. நூலகத்தில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் மூன்று பிரதி இருக்கிறது என்று வையுங்கள். வாசகர் முன்பதிவு செய்வது அந்த நூலுக்கு. எந்தப் பிரதி வந்தாலும் அவருக்குச் சரி. வீட்டுக்குக் கொண்டுபோவதோ 4127 என்று சேர்க்கை எண் ஒட்டிய ஒரு பிரதியை. இரண்டையும் ஒரே கிளாஸில் அடைத்தால், ஒருவர் ஒரு பிரதியை எடுத்ததும் மூன்றுமே வெளியே போய்விட்டதாகத் திரை காட்டும். ஆகவே நூல் வேறு, பிரதி வேறு.

பட்டியலில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. அதைப் பிடிக்கத்தான் சிஆர்சி அட்டைகள் உதவுகின்றன. கென்ட் பெக்கும் வார்ட் கன்னிங்ஹாமும் 1989-இல் அறிமுகப்படுத்திய முறை இது. கிளாஸ் ஒன்றுக்கு ஒரு சிறிய அட்டை. மேலே கிளாஸின் பெயர், இடப்பக்கம் அதன் பொறுப்புகள், வலப்பக்கம் அது உதவி கேட்கும் கூட்டாளிகள். ஆளுக்கு ஓர் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, நடக்கக்கூடிய ஒரு சம்பவத்தை நடித்துப் பார்க்க வேண்டும்.

சம்பவம் இதுதான்: ஜூன் 10-இல் திரும்ப வேண்டிய 4127, ஜூன் 15-இல் வருகிறது. கெடு தேதி யாருக்குத் தெரியும்? உறுப்பினர் அட்டை வைத்திருப்பவர், "என்னிடம் மூன்று புத்தகம் இருக்கலாம், எதன் தேதியைக் கேட்கிறீர்கள்?" என்கிறார். பிரதியிடம் எழுதி வைக்கலாமே என்றால், அடுத்தவர் எடுத்ததும் பழைய தேதி அழிந்துவிடும்; முன்பு யார் எடுத்தார் என்ற வரலாறும் போய்விடும். கெடு தேதி இருவரில் ஒருவருக்கும் சொந்தமில்லை. அது 'எடுத்துப் போகலாம்' என்ற வினைக்குச் சொந்தம். அந்த வினையே 'இரவல்' என்ற புதிய அட்டையாகிறது. அதன் பொறுப்புகள்: கெடு தேதியை அறிதல், அபராதம் கணக்கிடுதல். கூட்டாளிகள்: உறுப்பினர், பிரதி. நிரலில் அது இப்படி வரும்:

```python
class Loan:
    def __init__(self, member, copy, due):
        self.member = member
        self.copy = copy
        self.due = due

    def fine(self, today):
        late = (today - self.due).days
        return max(0, late)
```

ஐந்து நாள் தாமதம், ஐந்து ரூபாய். நடிப்பு இன்னும் முடியவில்லை. திரும்பி வந்த பிரதி தன் நூலிடம் "வந்துவிட்டேன்" என்கிறது. முன்பதிவு வரிசை நூலிடம் இருப்பதால், யாராவது காத்திருக்கிறார்களா என்று அது பார்க்கிறது. இருந்தால் பிரதி அலமாரிக்குப் போகாமல் அவருக்காக எடுத்து வைக்கப்படும்.

பிழையும் அட்டையிலேயே தெரிந்துவிடும். 'நூலக மேலாளர்' என்று ஓர் அட்டை போட்டு எல்லா வேலையையும் அதில் எழுதத் தொடங்கினால் இடம் போதாது. பொறுப்பைப் பிரிக்க வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். எந்தச் சம்பவத்திலும் வாய் திறக்காத அட்டையைத் தூக்கிப் போடலாம். ஆனால் ஒரு நூலுக்கு எத்தனை பிரதி, ஒருவருக்கு எத்தனை இரவல் என்ற எண்ணிக்கை உறவுகளை அட்டை காட்டாது. அதற்குத் தனியாக வரைபடம் போட வேண்டும்.

நிரல் எழுத உட்காரும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். 'நூலக விடுமுறை நாளுக்கு அபராதம் இல்லை' என்று விதி மாறினால், அபராதக் கணக்குக்காக எத்தனை அட்டைகளைத் திருத்த வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இரவல் அட்டை ஒன்று மட்டும் என்றால் தொடங்கலாம். இரண்டு மூன்று என்றால், அந்தக் கணக்கு பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. இன்னொரு முறை நடித்துப் பாருங்கள்.