மங்கலா, கற்பனையா?

சிறிய படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கினால், ஒரு புள்ளி இருந்த இடத்தில் பதினாறு வேண்டும். மீதியை நெட்வொர்க் ஊகிக்கிறது. பயிற்சியில் அந்த ஊகத்துக்கு எப்படி மார்க் போடுகிறோம் என்பதுதான் படத்தின் முகத்தையே மாற்றுகிறது.

பூனையின் கறுப்பு முடி ஒன்று, அடுத்தடுத்த இரு புள்ளிகளில் எதிலோ விழுகிறது என்று வையுங்கள். கறுப்பு 0, வெள்ளை 200. புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, பிழையின் வர்க்கத்தை எண்ணும் முறையில், துணிந்து ஒரு பக்கம் முடி வரைந்தால் பாதி நேரம் தவறும். சராசரி அபராதம் 20,000. இரண்டையும் 100 என்று சாம்பலாக்கினால் எப்போதும் 10,000 மட்டுமே. நெட்வொர்க் சாம்பலையே கற்கிறது. முடி கரைந்து மெழுகுபோல் ஆகிவிடுகிறது.

புலனுணர்வு முறையில், பொருள்களை அடையாளம் காணப் பழகிய VGG போன்ற இன்னொரு நெட்வொர்க்குக்குள் இரு படங்களையும் செலுத்தி, அது கண்ட விளிம்புகளையும் இழைநயத்தையும் ஒப்பிடுவார்கள். முடி ஒரு புள்ளி தள்ளியிருந்தால் அபராதம் சொற்பம்; முடியே இல்லாவிட்டால்தான் அதிகம். 2017-இல் வெளியான SRGAN இதோடு, படம் அசலா போலியா என்று துப்பறியும் நெட்வொர்க்கையும் சேர்த்தது. PSNR மதிப்பெண் குறைந்தது. பார்த்தவர்களோ அதையே மெச்சினார்கள்.

ஆனால் அந்த முடிகள் புனைவு. உற்றுப் பார்த்தால் சீரான இடத்தில் வலைப்பின்னல் கோடுகள்கூடத் தெரியலாம். திருமணப் படத்துக்குச் சரி. வண்டி எண்ணைப் படிக்க நான் மங்கலையே கேட்பேன். 3 கூர்மையான 8 ஆகிவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது.