மூன்றில் ஒரு டிகிரிக்குள் ஒரு கண்மாய்

மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் நான்குவழிச் சாலையில் சாத்தூரைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கரிசல் காடு. நிழலுக்கு மரம் குறைவு. ரோடு நெடுக நேராகக் கிடக்கும். சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு மேல் அந்த வழியாக வண்டி ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதிரே தண்ணீர் தேங்கிக் கிடப்பது தெரியும். கிட்டே போனால் தார் காய்ந்து கிடக்கும். தண்ணீரோ அதே தூரம் தள்ளிப் போய் மறுபடி மினுங்கும்.

எதிர்த் தடத்தில் தூரத்தில் வரும் லாரியைக் கொஞ்ச நேரம் விடாமல் கவனித்தால் இன்னும் வேடிக்கை. முதலில் கேபினின் மேல்பாதி மட்டும் தெரியும். டயர்கள் இருக்கவே இருக்காது. கேபினுக்குக் கீழே இன்னொரு கேபின் தலைகீழாகத் தொங்கும், பகலில் விளக்கு எரியவிட்டு வந்தால் இரண்டு விளக்குக்கு நான்கு விளக்கு. வண்டி நெருங்க நெருங்கத் தலைகீழ்ப் படம் சுருங்கி, பம்பர் வெளியே வந்து, கடைசியில்தான் டயர் ரோட்டில் பதியும். இதெல்லாம் கண்ணின் மயக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கேமராவில் எடுத்தால் படத்திலும் அப்படியே விழும். தலைகீழ் லாரியின் ஒளி உண்மையாகவே அந்தத் திசையிலிருந்துதான் கண்ணுக்கு வந்து சேர்கிறது. மனது சேர்த்துக்கொள்வது ஒன்றே ஒன்று: தரையில் வானத்தின் வெளுப்பு தெரிந்தால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்ற பழக்கத்து முடிவு.

வானத்திலிருந்து வரும் ஒளி ரோட்டில் முட்டாமலே எப்படி மேலே திரும்பிக் கண்ணுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி.

கறுத்த தார் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்வாங்கிக்கொள்கிறது. கண் உயரத்தில் காற்று 35 டிகிரி செல்சியஸ் இருக்கும் நேரத்தில் தார்ப்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். அதை ஒட்டிய காற்றும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்கும். ஆனால் அந்தச் சூடு உயரப் போவதில்லை. சில சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி தணிந்துவிடும். சூடான காற்று விரிந்து லேசாகிறது. 60 டிகிரிக் காற்று 35 டிகிரிக் காற்றைவிட நூற்றுக்கு ஏழு பங்கு போல அடர்த்தி குறைந்தது. அடர்த்தி குறைந்த காற்றில் ஒளி சற்று வேகமாகப் போகும். எவ்வளவு வேகமாக? விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளிக்கு இங்கே கிடைக்கும் கூடுதல் வேகம் விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

மாட்டு வண்டியின் ஒரு சக்கரம் கெட்டித் தரையிலும் மறு சக்கரம் மணலிலும் ஓடினால், வண்டி மணல் பக்கமாகத்தான் இழுக்கும். ஒளியலைக்கும் அதே கதி. அலையின் கீழ்விளிம்பு சூடான காற்றில் முந்துகிறது, மேல்விளிம்பு பின்தங்குகிறது. அதனால் அலை மெல்ல மெல்ல மேல்நோக்கித் திரும்புகிறது. ரோட்டை நோக்கிச் சரிந்து வந்த ஒளி ஒரு வளைவாக வளைந்து, தார் மட்டத்துக்குச் சற்று மேலேயே திசை மாறி, மறுபடி மேலே ஏறுகிறது.

பாடப் புத்தகங்களில் இதை முழு அக எதிரொளிப்பு என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் உண்டு. முழு அக எதிரொளிப்புக்குக் கண்ணாடியும் காற்றும் சந்திப்பதுபோல் ஒரு தெளிவான எல்லைப் பரப்பு வேண்டும். ரோட்டின் மேல் அப்படி ஒரு கோடு கிடையாது. வெப்பம் படிப்படியாக மாறுகிறது, ஒளியும் படிப்படியாக வளைகிறது. நடப்பது ஒளிவிலகல்தான். தேர்வில் மதிப்பெண் வாங்க எதை எழுதினாலும், ரோட்டில் நடப்பது தொடர்ச்சியான வளைவு.

ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்ற வித்தியாசத்தால் ஒளியைப் பெரிதாக வளைக்க முடியாது. கணக்குப் போட்டால், இந்த 35க்கும் 60க்கும் இடைப்பட்ட காற்று திருப்பிவிடக்கூடிய ஒளி, தரையோடு 0.36 டிகிரிக்கும் குறைவான சாய்வில் வருவது மட்டும்தான். வானத்தில் முழுநிலா அரை டிகிரி அகலம். அதைவிடக் குறைவு இது. இதைவிடச் சற்றுச் செங்குத்தாக வரும் ஒளி வளைந்து முடிப்பதற்குள் தாரில் மோதிவிடும். கானல் நீரின் குணங்கள் எல்லாம் இந்தச் சின்னக் கோணத்திலிருந்து பிறப்பவை.

உதாரணத்துக்கு ரோட்டோரம் நிற்பவர் ஒருவர். அவர் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பார்வை 0.36 டிகிரிச் சாய்வில் ரோட்டைத் தொடும் இடம் சுமார் 240 மீட்டர் தள்ளி. அதற்கு இந்தப் பக்கம் தார் தாராகவே தெரியும். அந்தப் பக்கம் தண்ணீர். அவர் பத்தடி முன்னே நடந்தால் அந்த 240 மீட்டரும் பத்தடி முன்னே நகரும். துரத்துகிறவரைவிட்டுத் தண்ணீர் ஓடுவதன் ரகசியம் இவ்வளவுதான். கார் ஓட்டுநரின் கண் சுமார் 1.2 மீட்டர் உயரம். அவருக்குக் கரை 190 மீட்டரில் தொடங்கும். பக்கத்திலேயே போகும் பஸ்ஸின் ஓட்டுநர் இரண்டு மடங்கு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு 380 மீட்டர். ஒரே ரோடு, ஒரே நேரம், ஆளுக்கொரு கரை. நடந்து போகிறவர் சும்மா குனிந்து பார்த்தாலே கரை கிட்ட வந்துவிடும். மழையில் தேங்கிய உண்மையான நீர் இப்படி ஆளைப் பார்த்து இடம் மாறாது என்பதால், இரண்டையும் பிரித்துச் சொல்ல இதுவே போதும்.

இந்த எண்கள் அன்றைய வெயிலுக்கு ஏற்ப ஏறி இறங்கும். ரோட்டை ஒட்டிய காற்று 50 டிகிரியோடு நின்றுவிட்டால், ஒன்றரை மீட்டர் உயரக் கண்ணுக்குக் கரை 300 மீட்டருக்குத் தள்ளிப் போகும். முக்கியம் வெயில் அல்ல, ரோட்டுக்கும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசம். மார்கழியில்கூட நல்ல வெயிலடித்த மதியம் ரோடு காற்றைவிடச் சூடேறியிருந்தால் தூரத்தில் மெல்லிய கோடாகத் தெரியும்.

டயர் காணாமல் போனதற்கும் காரணம் அந்தக் கோணம்தான். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரியின் டயரிலிருந்து நம் கண்ணை நோக்கிக் கிளம்பும் ஒளி மிகத் தாழ்வாக ரோட்டைத் தழுவிக்கொண்டு வர வேண்டும். சூடான காற்று அதைப் பாதியிலேயே மேலே தூக்கிவிடும். நம் தலைக்கு மேலே எங்கேயோ போய்விடும். கேபினின் ஒளிக்கு மட்டும் இரண்டு வழி கிடைக்கிறது. நேராக ஒன்று, கீழே இறங்கி வளைந்து ஒன்று. அதனால்தான் ஒரு லாரிக்கு இரண்டு கேபின், டயர் ஒன்றும் இல்லை.

கீழிருந்து வரும் படம் எப்போதும் வானமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ரோட்டின் முடிவில் மலையோ தோப்போ நின்றால் அந்த 0.36 டிகிரிக்குள் வானம் அகப்படாது. மலையின் கருநீலமோ தோப்பின் பச்சையோதான் தரையில் தெரியும். வெளுப்பு இல்லாததால் பலர் அதைக் கானல் என்றே கவனிப்பதில்லை. அந்தப் படம் நடுங்குவதற்குக் காரணம், சூடான காற்று குமிழ் குமிழாகக் கிளம்பி மேலே போய், மேலிருக்கும் காற்று அந்த இடத்துக்கு இறங்குவது. ரோடு உடனே புதிய படலத்தைச் சூடாக்கிவிடுகிறது, எனவே லேசான காற்று வீசினாலும் கானல் கலைந்துவிடுவதில்லை.

ரோட்டுக்குப் போகாமலும் இதைப் பார்க்கலாம். பத்து மீட்டருக்குக் குறையாத நீளமுள்ள, மேற்குப் பார்த்த காம்பவுண்டுச் சுவர் ஒன்று போதும். பிற்பகல் நான்கு மணிக்கு, வெயிலில் சுவர் கொதித்துக் கிடக்கும்போது, ஒரு கண்ணைச் சுவருக்கு இரண்டு சென்டிமீட்டர் அருகில் வைத்துச் சுவர் நெடுகப் பார்க்க வேண்டும். இன்னொருவர் அந்தக் கோடியில் ஒரு சாவியைச் சுவரை நோக்கி மெல்லக் கொண்டுவரட்டும். சுவரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் சுவருக்குள்ளிருந்து இன்னொரு சாவி வந்து அதோடு மூக்கை உரசும். இங்கே சூட்டுப் படலம் செங்குத்தாக நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கணக்கை முதலில் விளக்கியவர்களில் பேர்பெற்றவர் காஸ்பார் மோஞ்ஜ் என்ற பிரெஞ்சுக் கணித மேதை. 1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது கூடவே போன அறிஞர்களில் அவரும் ஒருவர். அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோவுக்குப் பாலைவனம் வழியாக நடந்த படைவீரர்கள், தாகத்தில் வறண்ட நாக்கோடு, எதிரே ஏரியைப் பார்த்தார்கள். மேட்டில் இருந்த ஊர்கள் ஏரிக்கு நடுவே தீவுகளாக நின்றன. ஒவ்வொரு ஊருக்கும் கீழே அதன் தலைகீழ்ப் படம். மண் சூடாகாத காலையில் இதெல்லாம் இல்லை, வெயில் ஏறிய பிறகுதான் வெள்ளம் வந்தது. மோஞ்ஜ் காரணத்தைத் தரையை ஒட்டிய சூடான காற்றில் தேடி, கெய்ரோவில் அறிஞர் சபை முன் வைத்தார். தாகத்துக்கு அதனால் பயன் ஒன்றும் இல்லைதான்.

வண்டி ஓட்டுகிறவருக்குக் கானல் ஒரு வேடிக்கை. அதே ரோட்டைப் போடுவதற்கு மட்டம் பார்க்கும் சர்வேயருக்கு அது தலைவலி. மட்டக் கருவியின் தொலைநோக்கி வழியாக அவர் பார்க்கும் பார்வைக்கோடு, தூரத்தில் பிடித்திருக்கும் அளவுகோலில் நேராகப் போய் விழ வேண்டும். தரையை ஒட்டி அந்தக் கோடு வளைந்தால் அளவு பிசகும். சமதரையில் அளவுகோல்களுக்கு நட்டநடுவில் கருவியை வைத்தால் முன்பக்கப் பிசகும் பின்பக்கப் பிசகும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஏற்றத்தில் அது நடக்காது. மேட்டுப்பக்கம் பார்வைக்கோடு தரையை உரசிக்கொண்டு போகும், பள்ளத்துப்பக்கம் தரைக்கு வெகு மேலே போகும். இரண்டு பக்க வளைவும் ஒன்றாக இருக்காது. ஒரு நிறுத்தத்தில் வரும் பிசகு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம், ஆனால் ஏற்றம் முழுக்க ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். அதனால் துல்லியமான மட்டவேலையில் அளவுகோலின் கீழ் அரை மீட்டரைப் படிப்பதைத் தவிர்ப்பார்கள். ஏற்றத்தில் கருவிக்கும் அளவுகோலுக்கும் உள்ள தூரத்தைக் குறைத்துக்கொள்வார்கள். தொலைநோக்கிக்குள் அளவுகோலின் கோடுகள் நெளியத் தொடங்கினால் கருவியை மடக்கி வைத்துவிட்டு வெயில் தாழக் காத்திருப்பார்கள்.