புஸ்வாணத்திலிருந்து பீரங்கி வரை: வெடிமருந்துக்கு ஏன் 600 வருஷம் ஆச்சு?

போன தீபாவளிக்கு எங்க வீட்டுப் பரண்ல இருந்து ஒரு பழைய பட்டாசுப் பெட்டி கிடைச்சது. முந்தின வருஷம் மிச்சம் வச்சது. மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்து நமத்துப் போயிருந்தது. ஒரு புஸ்வாணத்தைப் பத்த வச்சேன். கொஞ்சம் புகை, கொஞ்சம் சீறல், அவ்வளவுதான். இன்னைக்கு எபிசோடோட கதையில பாதி அந்த நமத்துப் போன புஸ்வாணத்துலயே இருக்கு.

என்னோட கேள்வி ஒண்ணுதான். வெடிமருந்து சீனாவில் 9-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்த பொருள். ஆனா பீரங்கியால ஒரு பெரிய கோட்டை நகரமே விழுந்ததுக்கு எல்லாரும் காட்டுற உதாரணம் 1453. நடுவுல கிட்டத்தட்ட 600 வருஷம். என்னதான் பண்ணிக்கிட்டு இருந்தாங்க?

பேர்லயே மருந்து இருக்கு

நாம "வெடிமருந்து"ன்னு சொல்றோம். சீனாவில் இதுக்குப் பேர் "ஹுவோயாவ்", அதாவது தீ மருந்து. அங்கே அந்தப் பேர் வந்ததுக்குக் காரணம் இருக்கு. சாகாவரம் தரும் மருந்தைத் தேடிக்கிட்டிருந்த தாவோ ரசவாதிகள் கந்தகத்தையும் வெடியுப்பையும் கலந்து பார்த்தாங்க. 9-ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று, "இதைத் தேனோட சேர்த்துச் சூடாக்காதீங்க, சிலருக்குக் கையும் முகமும் வெந்து வீடே எரிஞ்சிருக்கு" என்கிற பொருளில் எச்சரிக்கிறது.

இதுல வெடியுப்புதான் முக்கியமான ஆள். கரியும் கந்தகமும் எரியுற பொருட்கள். சாதாரணமா எரியணும்னா வெளியில இருந்து ஆக்சிஜன் வேணும். வெடியுப்பு அந்த ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வச்சிருக்கு. அதனால மூடின குழாய்க்குள்ளயும் தீ அணையாது, வேகமா வாயுவா மாறும். வெடியுப்போட பங்கு குறைவா இருந்தா மெதுவா எரியும், கிட்டத்தட்ட முக்கால் பங்கு வந்தா சட்டுன்னு வெடிக்கும். 1044-இல் சோங் அரசு தொகுத்த "வூஜிங் ஜோங்யாவ்" என்ற போர்க்கலை நூலில் இருக்கும் கலவைகளில் அந்தப் பங்கு குறைவு. அதனால அவை பெரும்பாலும் எரிக்கிறதுக்கும் புகை போடுறதுக்கும்தான் பயன்பட்டன.

"சீனாக்காரங்க வாணவேடிக்கைக்கு மட்டும் வச்சிருந்தாங்க, மத்தவங்கதான் அதை ஆயுதமா மாத்தினாங்க"ன்னு ஒரு கதை சுத்திக்கிட்டிருக்கு. அது தப்பு. அங்கே வேடிக்கையும் ஆயுதமும் ஒண்ணாவே வளர்ந்தது.

கம்புல கட்டின புஸ்வாணம்

1132-இல் தேஆன் நகரம் முற்றுகைக்கு உள்ளானது. உள்ளே இருந்த சோங் வீரர்கள் நீளமான மூங்கில் குழாய்களில் மருந்தை அடைத்து, எதிரியின் முகத்துக்கு நேரே பற்றவைத்தார்கள். இதைத் "தீ ஈட்டி" என்கிறார்கள். நம்ம கண்ணுக்கு அது ஒரு பெரிய புஸ்வாணம். ஒரு பக்கம் மூடியிருக்கு, இன்னொரு பக்கம் தீ சீறுது.

பிறகு யாரோ அந்தக் குழாய்க்குள்ள ஓட்டுச் சில்லு, இரும்புத் துண்டெல்லாம் போட்டாங்க. தீயோட அதுவும் பறந்தது. ஆனா சில்லுகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி வழியா வாயு தப்பிச்சுப் போயிடும். குழாயோட வாயை அடைக்கிற அளவுக்கு ஒரே ஒரு குண்டைப் போட்டா வாயுவுக்கு வேற வழி இல்லை. குண்டைத் தள்ளிக்கிட்டுத்தான் வெளியே வரணும். புஸ்வாணம் துப்பாக்கியா மாறின இடம் இதுதான். அந்த அழுத்தத்தை மூங்கில் தாங்காது, அதனால குழாய் வெண்கலமாச்சு. ஹெய்லாங்ஜியாங் மாகாணத்தில் கிடைத்த ஒரு கைத்துப்பாக்கி 1288-ஐ ஒட்டியது என்று கணிக்கப்படுகிறது. நீளம் 34 சென்டிமீட்டர், எடை மூணரைக் கிலோ. சமையலறைக் குழவி மாதிரின்னு வச்சுக்கங்க.

1326-இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியில், பூச்சாடி மாதிரி ஒரு பீரங்கி அம்பை எய்வது போல ஓவியம் இருக்கு. ஆக 14-ஆம் நூற்றாண்டு ஆரம்பத்திலேயே பொருள் ஐரோப்பாவுக்குப் போயாச்சு. ஆனாலும் அடுத்த நூறு வருஷத்துக்கு வில்லும் குதிரைப்படையும் கோட்டைச் சுவரும் தங்கள் இடத்துலயே இருந்தன.

மாவா, குருணையா?

ஏன்னா மருந்து மோசம். ஆரம்ப காலத்தில் மூன்றையும் நைசாக அரைத்து மாவாகவே பயன்படுத்தினார்கள். மாவைக் குழாய்க்குள்ள இடிச்சுத் திணிச்சா தீ உள்ளே பரவ இடம் இருக்காது. லூஸா விட்டா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வெடிக்கும். போதாததுக்கு மாவு ஈரத்தை இழுக்கும். நம்ம பரண் பட்டாசு கதைதான்.

15-ஆம் நூற்றாண்டில் இதுக்கு ஒரு தீர்வு பரவியது. மாவை ஈரமாக்கி, கட்டியாக்கி, உலர்த்தி, உடைச்சுக் குருணையா ஆக்கினாங்க. குருணைகளுக்கு நடுவுல இடைவெளி இருக்கறதால தீ ஒரே நொடியில எல்லா இடத்துக்கும் போகுது. ஈரத்தையும் குறைவாத்தான் இழுக்கும். அதே மூணு பொருள், வடிவம் மட்டும்தான் வேற. இதுல ஒரு சிக்கலும் வந்தது. புது மருந்தோட பலத்தைப் பழைய பீரங்கிகள் தாங்கலை, சுட்டவங்க மேலயே வெடிச்சது. ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணினதும் பழைய கோடெல்லாம் உடையுமே, அதேதான். மருந்து, குழாய், வண்டி, ஆள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போக வேண்டியிருந்தது. 600 வருஷத்துக்கு விடை இந்த இழுபறிதான்.

53 நாள்

இப்ப 1453-க்கு வருவோம். கான்ஸ்டான்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். நிலப்பக்கம் ஆயிரம் வருஷப் பழமையான மதில்கள். உர்பான் என்ற ஹங்கேரிய வார்ப்புக்காரர் முதல்ல போனது இந்த நகரத்தோட பேரரசர்கிட்டதான். அவரால் உர்பானுக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. உர்பான் நேராக எதிர்த்தரப்புக்குப் போனார். அங்கே 21 வயசு சுல்தான் மெஹ்மத் பணத்தை அள்ளிக் கொடுத்தார்.

எதிர்னேயில் வார்க்கப்பட்ட பெரிய பீரங்கி சுமார் 8 மீட்டர் நீளம். அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள கல் குண்டு. அன்றைய பதிவுகளின்படி அதை இழுக்க 60 எருதுகள், பக்கத்துல தாங்கிப் பிடிக்க 200 ஆட்கள். சுமார் 225 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க இரண்டு மாசம் ஆச்சு.

வந்து சேர்ந்ததும் மதில் பொடிப்பொடியா ஆயிடுச்சுன்னு நினைப்பீங்க. இல்லை. குழாய் சூடாகி விரிசல் விடும்ங்கறதால ஒரு நாளைக்கு ஏழு தடவைதான் சுட முடிஞ்சது. உண்மையில் வேலை செய்தது இந்த ஒரு ராட்சசன் மட்டும் இல்லை, கூட இருந்த டஜன் கணக்கான சின்ன பீரங்கிகளும் சேர்ந்துதான்.

உள்ளே இருந்த ஏழாயிரம் பேர் என்ன பண்ணாங்கங்கறது இன்னும் சுவாரசியம். பகல்ல சுவர் இடியும். ராத்திரி அந்த ஓட்டையில மரக்கட்டை, கிளை, பீப்பாய், மண்ணெல்லாம் கொட்டி வேலி எழுப்புவாங்க. கல் குண்டு கல்லுல பட்டா கல் நொறுங்குது, மண்ணுல பட்டா உள்ளே புதைஞ்சு நின்னுடுது. இன்னொரு பக்கம், சொந்த பீரங்கியைச் சுவர் மேல வச்சுச் சுட்டப்போ அந்த அதிர்ச்சியில் அவங்க சுவரே ஆட்டம் கண்டது. அந்தக் கோட்டையைக் கட்டினவங்க பீரங்கியைக் கனவுல கூட நினைக்கலை. 53 நாள் தாங்கினார்கள். மே 29 அன்று நகரம் வீழ்ந்தது.

மண் கொடுத்த பதில்

அந்த மண் வேலி மறுபடியும் வருது. 1500-இல் இத்தாலியின் பீசா நகரத்தை பிரெஞ்சுப் படை தாக்கியது. இந்தத் தடவை பீரங்கிகள் சின்னவை, சக்கரம் வச்சவை, குண்டு இரும்பு. சுவர் விழுந்தது. வெற்றின்னு நினைச்சு உள்ளே ஓடினவங்களுக்கு முன்னால ஒரு பள்ளம், அதுக்குப் பின்னால ஒரு மண்கரை. பீசாக்காரங்க சுவருக்குப் பின்னாலயே அதைத் தயாரா வச்சிருந்தாங்க. பிரெஞ்சுப் படை திரும்பிப் போயிடுச்சு.

அதுக்கப்புறம் ஐரோப்பாவில் கோட்டை கட்டுற முறையே மாறியது. உயரமான சுவர் போய், குட்டையான, தடிமனான, மண் நிரப்பிய சுவர். மூலைகளில் அம்பு முனை மாதிரி துருத்திக்கிட்டு நிற்கும் கொத்தளங்கள். ஒரு கொத்தளத்தில் இருந்து சுட்டா பக்கத்துக் கொத்தளத்தோட அடிவாரம் வரைக்கும் படும், எதிரி ஒளிய மூலையே கிடையாது. பீரங்கி வந்தா முற்றுகை சீக்கிரம் முடியும்னு எதிர்பார்த்தாங்க. நடந்தது தலைகீழ், முற்றுகைகள் மறுபடியும் மாசக்கணக்கில் இழுத்தன.

கையில துப்பாக்கி

கைத்துப்பாக்கி இதைவிட மெதுவா வந்தது. ஆரம்பத்துல ஒரு கையில குழாய், இன்னொரு கையில எரியுற திரி. எங்கே குறி பார்க்கிறது? 15-ஆம் நூற்றாண்டில் திரியைப் பிடிச்சுக்க ஒரு வளைந்த நெம்புகோல் வந்தது. அதை விரலால இழுத்தா திரி தானா மருந்துல இறங்கும். இப்ப ரெண்டு கையும் ஃப்ரீ. ஆனாலும் மறுபடி நிரப்பறதுக்குள்ள குதிரைப்படை மேலேயே வந்துடும், மழை பெய்தா திரி அணைஞ்சுடும்.

1503, தெற்கு இத்தாலியில் செரிஞோலா. ஸ்பானியத் தளபதி கொன்சாலோ தன் துப்பாக்கிக்காரர்களை ஒரு பள்ளத்துக்குப் பின்னால் நிறுத்தினார். பாய்ந்து வந்த பிரெஞ்சுக் குதிரைப்படை பள்ளத்துல தடுமாறி நிக்க, துப்பாக்கிகள் முழங்கின. பிரெஞ்சுத் தளபதி நெமூர் பிரபுவே சுடப்பட்டு இறந்தார். ஜெயிச்சது துப்பாக்கி மட்டும் இல்லை, அந்தப் பள்ளமும்தான். அது நிரப்பறதுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தது.

பள்ளம் இல்லாத இடத்துல என்ன பண்றது? 1594-இல் நெதர்லாந்தின் வில்லெம் லோடவைக் தன் உறவினர் மௌரிட்ஸுக்கு ஒரு கடிதத்தில் படமே வரைந்து அனுப்பினார். முதல் வரிசை சுட்டுட்டுக் கடைசிக்குப் போகட்டும், அங்கே நின்னு நிரப்பட்டும், அதுக்குள்ள அடுத்த வரிசை சுடட்டும். மெதுவான ஆயுதம், ஆனா வரிசை நிக்கவே நிக்காது. இதுக்கு நல்லாக் குறி பார்க்கிறவன் தேவையில்லை. சொன்னதைச் சொன்ன நேரத்துக்குச் செய்யற ஆள் வேணும். நல்ல வில்லாளி உருவாகப் பல வருஷம் ஆகும், துப்பாக்கிக்காரனைச் சில வாரங்கள்ல பழக்கிடலாம். தினசரி டிரில், மாசச் சம்பளம், நிரந்தரப் படை எல்லாம் இந்த வழியில்தான் வலுப்பெற்றன.

வீரம் பின்னுக்குப் போய்ப் பணம் முன்னுக்கு வந்தது. உர்பானுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத பேரரசரோட கதை அதுக்கு முன்னோட்டம்.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. போன்ல மேப்பைத் திறந்து, சாட்டிலைட் வியூல சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பாருங்க. மேற்குப் பக்கம் சுவர் நேராப் போகாம, அம்பு முனை மாதிரி வெளியே துருத்திக்கிட்டிருக்கும். இவ்வளவு நாள் அதைப் பஸ்ல கடந்து போயிருப்பீங்க. அந்தக் கோணங்களோட வேர், பீசாக்காரங்க கொட்டின மண்ணுல இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். பட்டாசை மட்டும் பரண்ல வைக்காதீங்க.