கடைசி கன்டெய்னர் போயாச்சு... வாடிக்கையாளருக்கு நன்றி மெயில் எப்போது, எப்படி? - ஆம்பூர் ஷூ தொழிலில் இருந்து ஒரு விளக்கம்

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதித் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு பிராண்டுக்காக இரண்டு ஆண்டுகள் ஓடிய ஆர்டர். மூன்று மாடல், மொத்தம் 40,000 ஜோடி. ஜூன் மாதம் கடைசி கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்புகிறது. “மெயில் போட்டுட்டியாப்பா?” என்று முதலாளி பாய் கேட்கிறார். “இதோ போட்டுடறேன் பாய்” என்று சொல்லிவிட்டு, அன்று இரவே மெர்ச்சண்டைசர் நான்கு வரி தட்டி அனுப்புகிறார்: ‘உங்கள் ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி. மீண்டும் உங்களோடு பணியாற்றக் காத்திருக்கிறோம். அடுத்த சீசன் ஆர்டரை எதிர்பார்க்கிறோம்.’

மரியாதையான மெயில்தான். ஆனால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழில் பகுதியில் நீண்ட நாள் மெர்ச்சண்டைசிங் பார்த்தவர்கள் இதில் மூன்று பிழைகளைக் காட்டுவார்கள். அனுப்பிய நாள் தவறு. சொல்ல வேண்டிய விஷயம் அதில் இல்லை. நன்றி சொன்ன கையோடு ஆர்டரும் கேட்டாகிவிட்டது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கப்பல் கிளம்பினால் வேலை முடிந்ததா?

தொழிற்சாலையைப் பொறுத்தவரை கன்டெய்னர் கதவு சீல் ஆனதும் வேலை முடிந்துவிடுகிறது. வாங்கியவருக்கோ அப்போதுதான் தொடங்குகிறது. சென்னையிலிருந்து வட ஐரோப்பியத் துறைமுகங்களுக்குச் சரக்கு போய்ச்சேர வாரக்கணக்கில் ஆகும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதால் பயணம் இன்னும் நீண்டது. அத்தனை நாளும் தோல் ஷூக்கள் மூடிய இரும்புப் பெட்டிக்குள், வெப்பத்திலும் ஈரத்திலும் இருக்கின்றன. தோலிலோ அட்டைப்பெட்டியிலோ ஈரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பூஞ்சை பிடிக்கும். பெட்டியைத் திறக்கும்வரை அது யாருக்கும் தெரியாது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாது. குரோமியம் கொண்டு பதனிட்ட தோலில் இருப்பது பொதுவாக மூன்றிணைதிறன் குரோமியம். பதனிடுவதில் கவனம் குறைந்தாலோ, சூடான, காற்று உலர்ந்த இடத்தில் நெடுநாள் வைத்தாலோ, அதில் ஒரு சிறு பங்கு ஆறிணைதிறன் குரோமியமாக மாறலாம். தோலில் ஒவ்வாமை உண்டாக்கும் அந்த வடிவத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் வரம்பு விதித்திருக்கிறது. சருமத்தில் படும் தோல் பொருட்களில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை அது எட்டக் கூடாது. ஆம்பூரில் தேறிய சரக்கு, அங்கே மறுசோதனையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

ஆகவே கப்பல் கிளம்பிய அன்று போகும் நன்றி, வாங்கியவர் இன்னும் பார்க்காத சரக்குக்கான நன்றி. சரக்கு இறங்கிய பிறகு ‘பெட்டிகளில் பூஞ்சை’ என்று புகார் வந்தால், அந்த மெயிலைப் படிக்கவே சங்கடமாக இருக்கும். கன்டெய்னர் கிளம்பும் அன்று கப்பல் விவரமும் ஆவணங்களும் போனால் போதும். நன்றிக்கு மூன்று விஷயங்கள் முடிந்திருக்க வேண்டும்: சரக்கு கிடங்கில் இறங்கியிருக்க வேண்டும், தரச் சோதனை முடிந்திருக்க வேண்டும், பணம் வந்திருக்க வேண்டும்.

பணம் பாக்கி இருக்கும்போது எழுதும் நன்றியை, எதிர்முனையில் இருப்பவர் ‘பணத்தை ஞாபகப்படுத்துகிறார்கள்’ என்றே படிப்பார். பாக்கியைக் கேட்க வேண்டுமானால் கணக்குப் பிரிவு தனி மெயிலில் நேராகக் கேட்கட்டும்.

நம் உதாரணத்தில் ஜூனில் கிளம்பிய சரக்கு, ஆகஸ்ட்டில் எல்லாக் கணக்கும் முடிந்து நிற்கிறது. ஆனால் ஆகஸ்ட் ஜெர்மனியில் கோடை விடுமுறைக் காலம். மெயில் போட்டால் ‘அலுவலகத்தில் இல்லை’ என்ற தானியங்கிப் பதில்தான் வரும். செப்டம்பர் முதல் வாரம் சரியாக இருக்கும். அந்த மாதம்தான் இத்தாலியின் மிலான் நகரில் ‘மிகாம்’ காலணிக் கண்காட்சியும் நடக்கும். வாங்குபவர்கள் அடுத்த ஆண்டு கோடைக்கான மாடல்களைப் பார்க்கப் போகும் நேரத்தில் இந்தத் தொழிற்சாலையின் பெயர் நினைவில் இருக்கும்.

அவர்களுடைய பொருள் நம்மிடம் என்ன இருக்கிறது?

எல்லா நன்றி மெயிலும் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம், அதில் விவரமே இல்லாததுதான். ஷூ தொழிலில் விவரத்துக்குப் பஞ்சமில்லை. ஆர்டர் முடியும்போது, பிராண்டுக்குச் சொந்தமான பல பொருட்கள் தொழிற்சாலையிலேயே தங்கிவிடுகின்றன.

முதலில் ‘லாஸ்ட்’. ஷூவின் மேற்பகுதியை இழுத்துப் பொருத்த உதவும், கால் வடிவில் இருக்கும் பிளாஸ்டிக் அச்சு. ஒவ்வொரு சைஸுக்கும் இடது, வலது எனத் தனித்தனியாக வேண்டும். அடுத்து, தோல் வெட்டும் ‘டை’ என்ற எஃகுக் கத்திகள். பிறகு ‘சீல்டு சாம்பிள்’. உற்பத்தி தொடங்கும் முன் ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்டு, சீல் வைத்த ஜோடி. இவை தவிர பிராண்டு பெயர் அச்சிட்ட லேபிள், பெட்டி, மீந்த தோல்.

கடைசியாக, கோளாறால் ஒதுக்கப்பட்ட ‘பி கிரேடு’ ஜோடிகள். உறவு பெரும்பாலும் உடைவது இங்கேதான். ஆம்பூர் நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் ஏற்றுமதியில் மீந்த ஷூ மலிவாகக் கிடைக்கும் என்று ஊரெல்லாம் தெரியும். பிராண்டு பெயரோடு ஒரு ஜோடி அங்கே போய், யாரோ போட்டோ எடுத்து இணையத்தில் போட்டுவிட்டால், எத்தனை நன்றி மெயில் போட்டாலும் எடுபடாது. எனவே பி கிரேடை விற்கலாமா, லோகோவை நீக்கி விற்கலாமா, வெட்டி அழிக்க வேண்டுமா என்று ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, வாங்கியவரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மெர்ச்சண்டைசர் ஸ்டோர் பொறுப்பாளரோடு உட்கார்ந்து ஒரே பக்கத்தில் இதை எழுதி முடிக்கிறார்: லாஸ்ட் 180 ஜோடி, வெயில் படாத அறையில். டை 64, துரு பிடிக்காமல் எண்ணெய் தடவி. சீல்டு சாம்பிள் மாடலுக்கு ஒன்று. லேபிள் 2,300. பி கிரேடு 212 ஜோடி, லோகோ நீக்கப்படாமல், பூட்டிய அறையில். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘என்ன செய்ய?’ என்று ஒரு காலிக் கட்டம்.

மெயிலில் என்ன எழுதுவது?

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் சாரம் இப்படி இருக்கலாம்:

“கடைசி ஷிப்மென்ட் உங்கள் கிடங்கில் சோதனை முடிந்து, கணக்கும் முடிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் எங்களோடு வேலை செய்ததற்கு நன்றி. ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் சீசனில் பூட்ஸின் குதிகால் பகுதி இறுக்கமாக இருந்தபோது, உங்கள் டெக்னீஷியன் நேரில் வந்து மூன்று நாள் எங்கள் லைனில் நின்று லாஸ்டைத் திருத்திக் கொடுத்தார். அதன்பிறகு அந்த மாடலில் அளவுப் புகார் வரவில்லை. உங்கள் பொருட்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். லாஸ்டும் டையும் அடுத்த ஜூன் வரை எங்களிடம் கட்டணமின்றி இருக்கும். வைத்திருக்கவா, திருப்பி அனுப்பவா, அழித்துவிடவா என்று சொல்லுங்கள். இந்த மாடல்கள் பற்றி எப்போது சந்தேகம் வந்தாலும் என்னிடம் கேட்கலாம்.”

இதில் ஆர்டர் கேட்கும் வரியே இல்லை. ஆனால் வாங்கியவர் பதில் சொல்லியாக வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. அதுவும் அவருடைய பொருள் பற்றிய, அவருக்குப் பயன்படும் கேள்வி. இணைப்பில் உள்ள ஒரு பக்கம் இன்னொரு வகையிலும் உதவும். பிராண்டு அலுவலகங்களில் ஆள் மாறுவது சகஜம். நாளை அந்த நாற்காலிக்கு வருபவருக்கு ஆம்பூரை யாரென்றே தெரியாமல் இருக்கலாம். பழைய மாடலைத் தேடும்போது, லாஸ்ட் எங்கே இருக்கிறது, யாரைக் கேட்பது என்ற தகவல் ஃபைலிலேயே கிடைத்துவிடும்.

நடுவில் சென்னை ஏஜென்ட் இருந்தால், மெயிலின் நகல் அவருக்கும் போக வேண்டும். அதற்கு முன்பு ஒரு போன்: “சார், கம்பெனிக்கு நன்றி மெயில் ஒண்ணு போடறேன், உங்களையும் சேர்த்துத்தான்.” அவருக்குத் தெரியாமல் போனால், கமிஷனைத் தவிர்க்க நேரடியாகப் பேசப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைப்பார். அடுத்த ஆர்டரை எந்தத் தொழிற்சாலைக்குக் காட்டுவது என்பது பல நேரம் அவர் கையில்தான் இருக்கிறது.

ஸ்வீட் பாக்ஸ் அனுப்பலாமா?

ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி கூரியரில் அனுப்பத் தோன்றும். யோசிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து தனிநபர்களுக்குப் பால் பொருட்கள் அனுப்ப அங்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. கோவா சேர்ந்த இனிப்பு சுங்கத்தில் சிக்கலாம். பல நிறுவனங்களில் ஊழியர்கள் சப்ளையரிடம் பரிசு வாங்குவதற்கும் உள்விதிகள் இருக்கின்றன. நாம் அனுப்பியதை அவர் திருப்பி அனுப்ப நேர்ந்தால் இருவருக்கும் தர்மசங்கடம். பேடாவை அவர்கள் ஆம்பூர் வரும்போது மேஜையில் வைத்துக் கொடுப்பதே நல்லது.

பதிலைப் படிப்பது எப்படி?

‘லாஸ்டை வைத்திருங்கள்’ என்று பதில் வந்தால், அந்த மாடல் திரும்ப வர வாய்ப்பிருக்கிறது. ‘அழித்துவிடுங்கள்’ என்றால் மாடல் முடிந்தது, ஆனால் உறவு முடிந்ததாக அர்த்தமில்லை. புதிய மாடலோடு அவர்கள் வரலாம். ‘லாஸ்டையும் டையையும் இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று வேறொரு தொழிற்சாலையின் முகவரி வந்தால், உற்பத்தி அங்கே போகிறது என்று புரிந்துகொள்ளலாம். விலை, வரி என அதற்குப் பல காரணங்கள் இருக்கும். எந்த நன்றி மெயிலும் அதைத் தடுக்காது.

அப்படி வந்தாலும் எண்ணிக்கை குறையாமல், சைஸ் வாரியாகக் கட்டி, படம் எடுத்து அனுப்பிவைப்பதுதான் வழக்கம் தெரிந்தவர்கள் செய்வது. புதிய இடத்தில் முதல் சீசனே சொதப்பினால், பிராண்டு மீண்டும் அழைக்கத் தயங்காத தொழிற்சாலை, பெட்டியைச் சரியாகக் கட்டி அனுப்பிய தொழிற்சாலையாகத்தான் இருக்கும்.